பிரிவு 6: டாலர் மதிப்பு ஏறி இறங்கும் அபாயம்

சென்னை ரிச்சி தெருவில் மின்னணு உதிரிபாகங்களை ரூபாய்க்கு விற்கிறோம், சீனாவின் ஷென்ஜென் சப்ளையருக்கு டாலரில் கட்டுகிறோம். எங்கள் தொழிலின் பெரிய பலவீனம் இதுதான். மாதக் கொள்முதல் 20,000 டாலர். 30 சதவீதம் முன்பணம். மீதி 14,000 டாலரைச் சரக்கு ஏறி 60 நாளில் கட்ட வேண்டும். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் 14,000 ரூபாய் கூடுதல் செலவு.

இத்திட்டத்தில் டாலரை 88 ரூபாயாகக் கணக்கிட்டுள்ளோம். மாத நிகர லாபம் சுமார் 80,000. டாலர் 91 ஆனால் அதில் 42,000 போய்விடும். மிகைப்படுத்தல் இல்லை: 2022 ஜனவரியில் 74 ரூபாய் அளவில் இருந்த டாலர், அக்டோபரில் 83-ஐத் தொட்டது. அப்புறம், இறக்குமதிக்குக் கட்டும் ஐஜிஎஸ்டி வரியும் சரக்கின் ரூபாய் மதிப்பின் மேல்தான். அது பின்னால் கழிவாகக் கிடைத்தாலும், கைப்பணம் அதுவரை முடங்கும்.

நிலுவையில் பாதியை, அதாவது 7,000 டாலரை, ஆர்டர் உறுதியான அன்றே வங்கியில் ஃபார்வர்ட் ஒப்பந்தமாகப் பூட்டுவோம், அதாவது பின்னால் வாங்கும் டாலருக்கு அன்றே விலை பேசி வைப்போம். முழுவதையும் பூட்ட மாட்டோம். சப்ளையர் தாமதித்தால் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடவும் வங்கியில் காசு கேட்பார்கள். வாடிக்கையாளருக்கு நாங்கள் தரும் விலைப்புள்ளி ஏழு நாளுக்கே செல்லும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டர்களில், டாலர் 2 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் விலை மாறும் என்ற நிபந்தனை இருக்கும். சில்லறை வாடிக்கையாளரிடம் இது எடுபடாது. அங்கே ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் போன்ற வேகமாக நகரும் சரக்கை மட்டும் ஒரு மாத அளவுக்கு வைத்துச் சமாளிப்போம். மைக்ரோகண்ட்ரோலர்களை ஆர்டர் வந்த பிறகே வரவழைப்போம்.