அமராவதி மோட்டார் ஒர்க்ஸ், தாராபுரம்: பெயிண்டருக்கும் அச்சகத்துக்கும் தரும் வாசகம்

முன் போர்டு (12 அடி × 3 அடி, மஞ்சளில் கறுப்பு எழுத்து)

போர்வெல் மோட்டார், கிணற்று மோட்டார், வீட்டு மோட்டார்
காயில் கட்டித் தரப்படும்
அமராவதி மோட்டார் ஒர்க்ஸ்
உடுமலை ரோடு, தாராபுரம்
94420 00417

*பெயிண்டருக்கு:* முதல் இரண்டு வரியும் போன் நம்பரும்தான் பெரிதாக வர வேண்டும். கடைப் பெயர் அதைவிடச் சிறிதாக இருந்தால் போதும். வண்டியில் போகிறவர் தேடுவது மோட்டார் ஆளைத்தானே, பெயரை அல்ல. நம்பரை ஐந்தைந்தாகப் பிரித்து எழுதவும். சாமி படம், மோட்டார் படம் எதுவும் வேண்டாம்; அந்த இடத்தையும் எழுத்துக்கே கொடுக்கவும்.

ரோட்டை ஒட்டிய பலகை (இரண்டு பக்கமும் எழுத்து; இடது, வலது மட்டும் மாறும்)

மோட்டார் காயில்
50 அடியில், இடது பக்கம்
டெம்போ உள்ளே வரும்

*பெயிண்டருக்கு:* தாராபுரத்திலிருந்து வரும்போது கடை இடது பக்கம். உடுமலையிலிருந்து வருகிறவர் பார்க்கும் பக்கத்தில் மட்டும் ‘வலது பக்கம்’ என்று மாற்றி எழுதவும். இரண்டு பக்கமும் ‘இடது’ என்று எழுதிவிட்டால் பாதிப் பேர் எதிர்ப்பக்கச் சந்தில் போய் நிற்பார்கள்.

பக்கச் சுவர்

உங்கள் மோட்டாரில் நாங்கள் செய்யும் வேலை

காயில் கட்டுவது செம்புக் கம்பியில் மட்டும். அலுமினியக் கம்பி போடுவதில்லை. அதே தடிமனில் அலுமினியம் போட்டால் சூடு அதிகமாகும், காயில் சீக்கிரம் கருகும்.

பழைய காயிலை அறுக்கும் முன் ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ் என்று எண்ணி உங்கள் பில்லில் எழுதுவோம். புதுக் காயிலும் அதே கணக்கில்தான் இருக்கும். சுற்றைக் குறைத்தால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும்; சுற்றைக் கூட்டினால் இழுவை குறையும்.

புதுக் கம்பியை உங்கள் கண் முன்னால் எடை போடுவோம். கருகிய பழைய கம்பி உங்களுக்கே சொந்தம். எடுத்துப் போகலாம், அல்லது அன்றைய பழைய செம்பு விலைக்குக் கூலியில் கழித்துக்கொள்ளலாம்.

போர்வெல் மோட்டாரில் தண்ணீர் நிரப்பி ஓடும் ரகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. மோனோபிளாக்குக்கு எனாமல் கம்பி. வார்னிஷ் ஊற்றி அடுப்பில் காயவைத்துத் தருகிறோம். இப்படிக் காயவைப்பதைப் பாதியில் நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்கி மோட்டார் பாடியில் கரண்ட் அடிக்கும். அதனால் மோனோபிளாக்குக்கு இரண்டு நாள் ஆகும். அவசரம் என்று சொன்னாலும் அதைக் குறைப்பதில்லை.

வேலை முடிந்ததும் கரண்ட் கசிவு பார்க்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, தொட்டியில் ஓட்டி, ஆம்பியர் காட்டிய பிறகுதான் ஒப்படைப்போம்.

புஷ், பேரிங், இம்பெல்லர், கெபாசிட்டர், ஸ்டார்ட்டர், கேபிள் கிடைக்கும். போர்வெல்லில் இருந்து மோட்டார் தூக்கி இறக்க ஆளும் செயின் பிளாக்கும் உண்டு.

கடைக்குள், மேஜைக்கு மேலே

பார்த்துச் சொல்ல 150 ரூபாய். வேலை கொடுத்தால் கூலியில் கழிக்கப்படும்.
கழற்றிப் பார்த்த பிறகு செலவு சொல்லி, நீங்கள் சரி என்ற பின்தான் வேலை தொடங்கும்.
காயிலுக்கு 6 மாதம் பொறுப்பு. ஒரு பேஸ் போய்க் கருகியது, தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகியது இதில் சேராது. அறுத்துப் பார்த்தால் காயிலிலேயே தெரியும்: ஒரு பேஸ் போயிருந்தால் சில பகுதிக் கம்பி பளிச்சென்று இருக்கும், மற்றவை கருகியிருக்கும். அதையும் உங்களுக்குக் காட்டுவோம்.
முடிந்த மோட்டாரை 30 நாளுக்குள் எடுத்துச் செல்லவும்.

ஷட்டரில் (கடை மூடியிருக்கும்போது படிக்க)

காலை 8 முதல் இரவு 8 வரை. ஞாயிறு மதியம் 1 வரை.
கடை மூடியிருந்தால் 94420 00417க்குக் கூப்பிடவும்.
எடுக்காவிட்டால் ஊர்ப் பெயர், எத்தனை ஹெச்.பி., என்ன கோளாறு மூன்றையும் வாட்ஸ்அப்பில் போடவும். திரும்ப அழைப்போம்.
மோட்டாரை ஷட்டர் முன்னால் இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டாம்.

விசிட்டிங் கார்டு, முன்பக்கம்

கு. செல்லமுத்து
மோட்டார் காயில், பம்ப் ரிப்பேர்
94420 00417 (போன், வாட்ஸ்அப், ஜிபே)
அமராவதி மோட்டார் ஒர்க்ஸ்
உடுமலை ரோடு, பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம்
தாராபுரம் 638 656, திருப்பூர் மாவட்டம்

*அச்சகத்துக்கு:* பளபளப்பு லேமினேஷன் வேண்டாம். பின்பக்கம் பேனாவில் எழுத வேண்டியிருக்கிறது, மை பிடிக்கிற மேட் அட்டை போடவும். 500 அட்டை. நம்பரை அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை கூப்பிட்டுச் சரிபார்க்கவும்.

விசிட்டிங் கார்டு, பின்பக்கம்

எங்களைக் கூப்பிடும் முன்
(மெயினை அணைத்து, பியூஸைக் கையில் எடுத்த பிறகே ஒயரைத் தொடவும்)

உர்ரென்று சத்தம், ஆனால் சுற்றவில்லை: சிங்கிள் பேஸ் என்றால் கெபாசிட்டர் வீங்கியிருக்கிறதா பாருங்கள். த்ரீ பேஸ் என்றால் ஒரு பேஸ் வராமல் இருக்கலாம், உடனே அணையுங்கள்.

ஓடுகிறது, தண்ணீர் குறைவு: வேலை பார்த்த பிறகு இப்படியானால் த்ரீ பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். மூன்று ஒயரில் எந்த இரண்டையும் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றினால் சரியாகும். கிணற்று மோட்டார் என்றால் ஃபுட் வால்வில் ஒழுக்கு இருக்கலாம்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது: தடித்த கம்பி போட வேண்டாம். பியூஸ் தப்பும், காயில் போகும்.

சொல்ல வேண்டியது: பெயர்த்தகட்டில் உள்ள ஹெச்.பி., வோல்ட், ஆம்பியர்; போர் என்றால் எத்தனை அடியில் இறக்கியது, குழாய் எத்தனை இஞ்ச். தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும்.

உங்கள் மோட்டார் பில் எண்: \_\_\_\_\_\_\_\_ தேதி: \_\_\_\_\_\_\_\_

*அச்சகத்துக்கு:* கடைசி வரி பேனாவில் நிரப்ப விடும் இடம், அதற்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் விடவும். பின்பக்க எழுத்து அட்டையில் அடங்காவிட்டால் எழுத்தைப் பொடியாக்க வேண்டாம். இரண்டாக மடிக்கிற அட்டையாக மாற்றவும். வயசானவர் கண்ணாடி இல்லாமல் தோட்டத்தில் நின்று படிக்கிற அட்டை இது.

போர்வெல் மோட்டாரோடு கட்டித் தரும் தகர டேக்

இறக்கும் முன்: மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் முழுவதும் நிரப்பி, காற்று வெளியேறியதும் மூடியை இறுக்கவும். சேறு, மணல் கலந்த தண்ணீர் கூடாது. நிரப்பாமல் இறக்கினால் புஷ்ஷும் த்ரஸ்ட் பேரிங்கும் தேய்ந்துபோகும்.
கேபிளைப் பிடித்துத் தூக்கவோ இறக்கவோ வேண்டாம். கயிற்றிலோ செயின் பிளாக்கிலோதான்.
ஓட விட்டதும் ஆம்பியர் பார்க்கவும். பெயர்த்தகட்டில் உள்ளதைவிட அதிகம் இழுத்தால் அணைத்துவிட்டுக் கூப்பிடவும்: 94420 00417