கிரவலுக்குள் கிடக்கும் கத்தி

வணக்கம் நேயர்களே. கிரவல் ஏற்றிவரும் உழவு இயந்திரப் பெட்டிக்குள் வெள்ளைக் கற்கள் கலந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அதிலொன்று முன்னொரு காலத்தில் மானிறைச்சி வெட்டிய கத்தியாக இருக்கலாம். நம் வன்னியில், இரணைமடுப் பகுதியில் செம்மண்ணுக்குக் கீழுள்ள பரல் படையில் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன. அந்த மண்படைக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயரே 'இரணைமடு உருவாக்கம்'. இதே வகைப் படையில் தெற்கே புந்தலப் பக்கம் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 125,000 ஆண்டு வயது சொல்கிறார்கள்.

பாடப்புத்தகத்தில் வரும் பெரிய கைக்கோடரியை இங்கே தேடவேண்டாம். 1863இல் சென்னைக்கருகே பல்லாவரத்தில் கிடைத்தது அது. நம் பக்கத்துக் கருவி பெரும்பாலும் சின்னக் கற்சில்லு.

அதை எப்படி எடுத்தார்கள்? ஒரு கையில் வெண்படிகக் கல், மறு கையில் உருண்டையான ஆற்றுக்கல். அடிபடும் ஓரம் செங்கோணத்தைவிடக் கூர்மையாக இருக்கவேண்டும். ஓரத்திலிருந்து அரைவிரல் அகலம் உள்ளே தள்ளிச் சாய்த்து அடித்தால், அடிப்பக்கத்திலிருந்து சில்லு கழலும். இன்னும் உள்ளே அடித்தால் விசை கல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். ஓரத்தோடு ஒட்டி அடித்தால் ஓரம் பொடியாகும். வெண்படிகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் உண்டு. அடித்த இடத்தில் உடையாமல் வெடிப்பின் வழியே பிளக்கும். ஆகவே அடிப்பதைவிடக் நல்ல கல்லைத் தெரிந்தெடுப்பதுதான் கடினம். கழன்ற சில்லு தோலை உரிக்கும், தடியைச் சீவும். மழுங்கினால் இன்னொன்று.

அந்தக் காலத்தில் உழவில்லை, பானையில்லை, குளமுமில்லை. கோடையில் தண்ணீர் எங்கே நின்றதோ, அங்கேதான் மனிதரும் மரையும் மானும் வந்திருக்கவேண்டும். வேட்டை எல்லா நாளும் வாய்க்காது. பாலைப்பழமும் வீரைப்பழமும் கிழங்கும் தேனும் உடும்பும் இல்லாமல் இந்தக் காட்டில் யாரும் வயிறு நிரப்பியிருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

ஆனால் எலும்பு நம் செம்மண்ணில் நிலைக்காது, கரைந்துவிடும். அதனால் உணவுக்கான நேரடிச் சான்றுக்குத் தெற்கின் குகைகளுக்குத்தான் போகவேண்டும். களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கல குகையில் ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினார்கள். எலும்பைத் தீட்டி அம்பு முனையும் செய்தார்கள். அது பிந்திய காலம், மழைக்காட்டு வாழ்வு. அப்படியே வன்னிக்குப் பொருத்திவிடக் கூடாது.

கிரவல் கிடங்கில் சில்லு கண்டால் இதைப் பாருங்கள்: ஒரு முகத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு, அதிலிருந்து சிப்பி வரிபோல விரியும் அலைகள். வெண்படிகத்தில் இவை மங்கலாகவே தெரியும். ஓரிடத்தில் பல சில்லுகள் சேர்ந்து கிடந்தால்தான் நம்பலாம். கழுவவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ வேண்டாம். எந்தப் படையில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதை வைத்தே வயது கணிக்கிறார்கள். இடம் மாறினால் அது வெறும் கல். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து, கிராம அலுவலர் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கிடங்கு வெட்டுபவரிடமும் அந்தப் பக்கத்தை இரண்டு நாள் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.