முதல்வர் அம்மாவுக்கு மாணவர் பேரவையின் பிரிவு உபசார மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும், அலுவலகப் பணியாளர்களுக்கும், சக மாணவர்களுக்கும் வணக்கம்.

தஞ்சாவூருக்கு மாறுதல் என்ற செய்தி, ஆணை வருவதற்கு முன்பே எங்கள் கேன்டீனுக்கு வந்துவிட்டது. யாரும் நம்பவில்லை. இந்த மடலைக் ‘கல்விச் சுடரே, கருணைக் கடலே’ என்று தொடங்கலாம் என்றார் பேரவையில் ஒருவர். அம்மா சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டோம். நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் மணி வகுப்பு என்றாலே கலக்கம்தான். டவுன் பஸ் வந்து சேருவதற்குள் வருகைப் பதிவு முடிந்திருக்கும். ஒருநாள் வாசலில் நிறுத்திக் காரணம் கேட்டீர்கள். சொன்னோம். நீங்கள் திட்டவும் இல்லை, சரி என்று விடவும் இல்லை. மறுநாள் காலை அதே பஸ்ஸில், கம்பியைப் பிடித்தபடி, சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தீர்கள். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, “உள்ளே தள்ளிப் போங்கம்மா, படியை அடைக்காதீங்க” என்று அதட்டினார். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் வியர்த்தது. அன்று நீங்களும் தாமதமாகத்தான் வந்தீர்கள். அப்புறம் பணிமனைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டீர்கள். இப்போது அந்த பஸ் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறது.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தது சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அதன் மதிற்சுவரைத் தினமும் கடந்து போகிறவர்கள் எங்களில் பலர் உண்டு; உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் இல்லை. வேதியியல் மாணவர்களை மட்டுமல்ல, வணிகவியல், தமிழ் மாணவர்களையும் அழைத்துப்போய் ஆய்வுக்கூடங்களைக் காட்டினீர்கள். போன வருடம் அங்கே ப்ராஜெக்ட் செய்த மாணவி, அன்று பின்வரிசையில் நின்றிருந்தவர். அதேபோல, 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழாவுக்கு அறிவியல் மாணவர்களையும் கூட்டிப்போனீர்கள். சிலர் தூங்கினார்கள், மறைக்கவில்லை.

குறையும் உண்டு. ஆண்டு விழாவில் டி.ஜே. வேண்டும் என்று பேரவை மூன்று முறை மனு கொடுத்தது. மூன்று முறையும் நாதஸ்வரம்தான் வந்தது.

தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்த இருந்தவர்கள் உங்கள் அறைக்கு வந்து போனதையும், மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்ததையும் நாங்கள் கவனித்தோம். பெயர் சொல்வதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள், சொல்லவில்லை.

மாணவர்கள் சேர்ந்து வாங்கிய ஒரு கண்டாங்கிச் சேலையை இப்போது தருகிறோம். நிறம் இறுதியாண்டு மாணவியர் தேர்வு. பிடிக்காவிட்டால் அவர்களைக் கேளுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு நீங்கள் அவசியம் வரவேண்டும். இப்போது பந்தி தயார். கவுனி அரிசியும் கந்தரப்பமும் இருக்கின்றன. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

அன்புடன்,
மாணவர் பேரவை