ஒட்டு பிடிக்கும் காலம்

(இடது முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநாருக்கு அறுவை சிகிச்சை முடிந்து இது 7ஆம் மாதம். தினமும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேகம் வேண்டாம். ஒரு வரி முடிந்தால் ஒரு மூச்சு.)

கட்டிலை விட்டு இறங்கும் முன்

நான் விழித்துவிட்டேன். என் இடது முழங்கால் இன்னும் விழிக்கவில்லை. அது விழிக்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.

இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகியிருக்கும். அது நேற்றைய உழைப்பு வீணாகிவிட்டதற்கு அடையாளம் அல்ல.

குதிகாலை மெத்தையில் இழுத்து மடக்குகிறேன், நீட்டுகிறேன். பத்து முறை. முதல் மூன்று முறை கரகரக்கும், நான்காவது முறை வழி விடும். அந்த முதல் மூன்றுக்கு நான் முகம் சுளிப்பதில்லை.

இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு முழங்கால்களின் மேல் வைக்கிறேன். இடது பக்கம் சூடு அதிகமா? சில்லைச் சுற்றி வீக்கம் உண்டா? வீக்கம் இருந்தால் இன்று பயிற்சி குறையும். இல்லாவிட்டால் நேற்றைய அளவே தொடரும். முழங்கால் சொல்லும் பதிலை எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பயிற்சிக்கு உட்காரும்போது

நான் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவரின் மகள். நத்தத்து மண்ணில், ஒட்டுக் கட்டிய கன்றுகளின் நடுவே வளர்ந்தவள். பொறுமை எனக்குப் புதிய பாடம் அல்ல.

நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, நல்ல மரத்துக் குச்சியை அதில் பொருத்தி, பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுவார் அப்பா. சிறு வயதில் ஒருநாள், பிடித்துவிட்டதா என்று பார்க்க அந்த நாடாவைப் பிரித்துவிட்டேன். அவர் அடிக்கவில்லை. "பிரித்துப் பார்த்தால் பிடித்த ஒட்டும் விட்டுவிடும், தாயி" என்று மட்டும் சொன்னார்.

என் முழங்காலுக்குள்ளும் ஒரு ஒட்டு இருக்கிறது. என் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்த தசைநாண் அது. என் உடம்பே எனக்குக் கொடுத்தது.

பொருத்திய நாளில் அது உறுதியாக இருந்தது. பிறகு இரத்தம் எட்டாமல் அதன் பழைய செல்கள் மடிந்தன. புதிய இரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே புகுந்தன, புதிய செல்கள் குடியேறின. அந்தத் தசைநாண் தன்னையே பிரித்துப் பின்னிக்கொண்டிருக்கிறது. ஒரு வருடம் தாண்டியும் அந்த வேலை நடக்கும். நான் தூங்கும்போதும் நடக்கும். அதை என்னால் விரைவுபடுத்த முடியாது. கெடுக்காமல் இருக்க முடியும். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டாம், மூன்றாம் மாதங்களில் எனக்கு வலியே இல்லை. அப்போதுதான் உள்ளே இருந்த ஒட்டு மிகவும் வலுக்குறைந்து இருந்தது. வலி போய்விட்டது என்பதை, ஆறிவிட்டது என்று இனி ஒருநாளும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாம் மாதத்தில் யாருக்கும் சொல்லாமல் கண்மாய்க் கரையில் ஓடினேன். மறுநாள் முழங்கால் பந்துபோல வீங்கியது. இரண்டு வாரம் பின்னால் போனேன். அதற்காக என்னை நான் மன்னித்துவிட்டேன். முழங்காலிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மறுபடி ரகசியமாக ஓட மாட்டேன்.

ஒட்டுக்கன்று முதல் வருடத்திலேயே பூக்கும். அப்பா அந்தப் பூவைக் கிள்ளிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு மனசு வலிக்கும். வேர் ஊன்றும் முன் காய்க்க விட்டால் கன்று தேறாது. தைப் பொங்கல் கபடிப் போட்டி எனக்கு அந்த முதல் பூ. அதை என் கையாலேயே கிள்ளுகிறேன். அழுகை வந்தால் அழுகிறேன். ஆனாலும் கிள்ளுகிறேன்.

தொடையை அளக்கும் நாளில்

என் இடது தொடை வலதைவிட மெலிந்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று அதைப் பார்க்கிறேன். துப்பட்டாவால் மறைப்பதில்லை.

அது சோம்பலால் மெலியவில்லை. மூட்டில் நீர் கோத்தபோது, காயத்தைக் காப்பதற்காக மூளையே அந்தத் தசையை அடக்கி வைத்தது. பயந்த தாய் பிள்ளையை வாசல் தாண்ட விடாததுபோல. இப்போது கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உருட்டிய டவலை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திய நாள்களில், தசை ஒரு நூலளவு துடித்ததைப் பார்த்து நான் கத்திய சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அந்த நூலளவில் தொடங்கியதுதான் இன்றைய லெக் பிரஸ்.

வலது காலின் பலத்தில் 78 சதவீதம் இடது காலுக்கு வந்திருக்கிறது. குறைந்தது 90 வர வேண்டும். இடையில் இருக்கும் 12ஐ நான் கடன்போலப் பார்ப்பதில்லை. அது என் வேலை. நாளைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.

ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பிசியோ மேடம் பார்க்கிறார். எவ்வளவு தூரம் தாவினேன் என்பதைவிட எப்படி இறங்கினேன் என்பதே இன்று எனக்கு முக்கியம். சத்தமில்லாமல் இறங்குகிறேன். பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல.

ஒன்பது மாதம் முடியும் முன் கபடி மேட் ஏறுவதில்லை. ஒன்பது முடிந்தும் சோதனையில் தேறாவிட்டால், பத்து. பத்திலும் இல்லையென்றால், பதினொன்று. தேதி பார்த்து அல்ல, காலைப் பார்த்துத் திரும்புகிறேன்.

மைதானத்தின் ஓரத்தில் உட்காரும்போது

என் இடத்தில் இன்னொருத்தி ரெய்டு போகிறாள். அவள் நன்றாக ஆடட்டும். அவள் எடுக்கும் புள்ளி என் முழங்காலிலிருந்து எடுத்ததல்ல.

தங்கைகள் "எப்போக்கா வருவீங்க?" என்று கேட்பார்கள். "கால் சொல்லும்போது" என்பேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"இன்னுமா சரியாகவில்லை?" என்று ஊரில் கேட்பார்கள். கேட்பவர்கள் என் முழங்காலுக்குள் போய் வந்தவர்கள் அல்லர். சண்டைக்குப் போக மாட்டேன், சிரித்துவிட்டு நகர்வேன். இரவில் அந்தக் கேள்வியைப் பாயில் கொண்டுவந்து போட்டுக்கொள்ளவும் மாட்டேன்.

என் மூச்சுக்குக் காயம் இல்லை. பெஞ்சில் நேராக உட்கார்கிறேன். கபடி, கபடி, கபடி. 30 நொடி விடாமல் பாடுகிறேன். கண்ணை மூடினால் நடுக்கோட்டைத் தாண்டுகிறேன், போனஸ் கோடு தெரிகிறது, இடது கார்னர் எப்போது முன்னால் வருகிறாள் என்று தெரிகிறது. உடம்பு உட்கார்ந்திருக்க, ஆட்டம் என்னுள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எதிராளியின் காலைப் பார்க்க இவ்வளவு நேரம் எனக்கு முன்பு கிடைத்ததே இல்லை.

பயம் வரும்போது

'டப்' என்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. போனஸ் எடுத்துத் திரும்பியபோது, கால் கபடி மேட் மேல் நிலைத்துவிட, உடம்பு மட்டும் திரும்பிய அந்த நொடியும் இருக்கிறது. இருக்கட்டும். அதைத் துரத்துவதில்லை.

பயப்படுவதால் நான் கோழை ஆகிவிடவில்லை. என் உடம்பு நினைவு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் புதிய நினைவுகளைக் கொடுக்கிறேன். இன்று மெதுவான திரும்பல், பத்து. அடுத்த வாரம் சற்று வேகமாக, பத்து. நல்லபடியாக முடிந்த ஒவ்வொரு திரும்பலையும் அந்த ஒரு சத்தத்தின் மேல் ஒரு கைப்பிடி மண்ணாகப் போடுகிறேன்.

பின்னடைவு நாளில் மட்டும்

இன்று முழங்கால் வீங்கியிருக்கிறது. நேற்று அதிகம் கேட்டுவிட்டேன், அது பதில் சொல்லியிருக்கிறது.

காலை உயர்த்தி வைக்கிறேன். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வைக்கிறேன். பிசியோ மேடத்துக்கு உண்மையைச் சொல்கிறேன். எத்தனை செட், எவ்வளவு எடை, எப்போது வலி தொடங்கியது என்று எதையும் குறைத்துச் சொல்வதில்லை. ஓய்வும் இன்றைய அட்டவணையில் எழுதப்பட்ட பயிற்சி. அதை அரைகுறையாகச் செய்ய மாட்டேன்.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தை நினைத்துக்கொள்கிறேன். 2022 டிசம்பர் 30 அன்று விபத்து. அவருக்கும் முழங்கால் தசைநார்கள்தான். ஊன்றுகோலில் நடந்த மனிதர், ஏறக்குறைய பதினைந்து மாதம் கழித்து, 2024 மார்ச்சில் மறுபடி கையுறை மாட்டினார். அந்த ஜூனில் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த ஆண்டின் உலகப் போட்டியை விட்டுக்கொடுத்தார். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே கை ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்தது. விட்டுக்கொடுத்த அந்த ஆண்டைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அப்போது அவர் கையில் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. என்னைப்போல ரப்பர் பட்டையும், நாள்களை எண்ணும் மனசும்தான் இருந்திருக்கும்.

அவர்கள் வேகம் அவர்களுக்கு. என் முழங்காலின் வேகம் எனக்கு.

விளக்கை அணைக்கும் முன்

இன்று என் உடம்பைத் திட்டவில்லை. ஒருமுறை திட்டியிருந்தாலும், இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இந்தக் கால்தான் என்னைத் திண்டுக்கல் வரை, சென்னை வரை, மாநில அணியின் பெயர் போட்ட சட்டை வரை கூட்டிப்போனது. பதினோரு வருடம் கேட்டதெல்லாம் கொடுத்தது. இப்போது சில மாதம் அது கேட்கிறது, நான் கொடுக்கிறேன்.

நான் பழைய வேகத்தில் திரும்பாமல் போகலாம். வேறு ரெய்டராக, இன்னும் பார்த்து ஆடுகிறவளாகத் திரும்பலாம். எப்படித் திரும்பினாலும் அது நான்தான்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவதில்லை, கால் நேராக நீள வேண்டும். நீட்டுகிறேன். தொடையை ஒருமுறை இறுக்கி விடுகிறேன். உள்ளே ஒட்டு தன் வேலையைப் பார்க்கிறது. நாடாவைப் பிரிக்காமல் நான் தூங்கப் போகிறேன்.

விடிந்ததும் குதிகால் பத்து முறை.