சனிக்கிழமை முடிவெட்டுக்கு முன் ஒரு குறிப்பு

வணக்கம் அக்கா,

சனிக்கிழமை காலை 11 மணிக்கு வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து அவசரமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். கூடவே மூன்று படங்கள் உள்ளன: ஈரமாக இருக்கும் முடி, தானாகக் காய்ந்த முடி, தலைக்குக் குளித்த மூன்றாம் நாள் முடி. வெட்டும்போது இரண்டாவது படத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டிரையர் கிடையாது. காற்றில் காய்ந்த பிறகு எப்படி நிற்கிறதோ அதுதான் எனக்கு இந்த வெட்டு.

முதலில் முடியின் தன்மை. இழை மெலிசு, அடர்த்தி அதிகம். மேலே அலை அலையாக இருக்கும், பிடரிப் பக்கம் விரல் நுழையும் அளவுக்குச் சுருள் இருக்கும். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் சுருட்டை குறைவு. ஈரத்தில் முதுகின் நடுவரை இறங்குவது, காய்ந்தால் சுமார் இரண்டு இன்ச் மேலே ஏறிவிடும். பிடரியில் மூன்று இன்ச்கூட ஏறும். அதனால் ஈரத்தில் ஒரே நேராகச் சீவி வெட்டினால், காய்ந்ததும் பின்பக்கம் குட்டையாகவும் பக்கங்கள் நீளமாகவும் தெரியும்.

இரண்டரை வருடம் முன்பு ஸ்மூத்னிங் செய்தது. மாதத்துக்கு அரை இன்ச் கணக்கில் இப்போது சுமார் 15 இன்ச் சொந்த முடி வளர்ந்திருக்கிறது, நுனியில் நாலைந்து இன்ச் மட்டும் பழைய நேர்முடி. தண்ணீர் தெளித்தால் சுருள் எங்கே முடிந்து நேராகிறது என்பது கோடு போட்டதுபோல் தெரியும். அந்த நேர்முடி முழுவதும் போகட்டும். அதன் கனம் கீழே இழுப்பதால்தான் உச்சி படிந்து, நுனி துடைப்பம் மாதிரி நிற்கிறது. நீளமா, நேர்முடியை எடுப்பதா என்று எங்காவது யோசிக்க வேண்டி வந்தால் நேர்முடியை எடுத்துவிடுங்கள்.

ஆனால் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. காய்ந்த நிலையில் பின்முடி கழுத்தெலும்பு மட்டத்தில் நிற்கட்டும், தோளுக்கு மேலே போக வேண்டாம். சரியாகத் தோள்மேல் நின்றால் நுனி தோளில் இடித்து வெளிப்பக்கம் வளைந்துகொள்ளும், அதை மடக்க தினமும் சூடு வைக்க வேண்டியிருக்கும்.

பின்னால் லேசான யூ வடிவம் போதும், வி வேண்டாம். என் இழை மெலிசு என்பதால் வி வெட்டில் நடுவில் எலிவால்போல் நாலு இழைதான் மிஞ்சும்.

அடுத்து லேயர். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் சுருட்டை முடி மேலே ஒட்டி, கீழே கூடாரம்போல் விரிகிறது. அதைக் குறைக்கத்தான் லேயர் கேட்கிறேன். படிப்படியாகக் கோடு தெரியும் ஸ்டெப் கட்டாக இல்லாமல், ஒன்றோடொன்று கலந்த நீளமான லேயராக இருக்கட்டும். உச்சி முடியை இழுத்துப் பிடித்தால் குறைந்தது பத்து இன்ச் இருக்க வேண்டும். தினமும் மேடவாக்கத்திலிருந்து கிண்டி வரை ஸ்கூட்டரில், ஹெல்மெட்டுக்குள் நாற்பது நிமிடம் போகிறது இந்த முடி. உச்சியில் குட்டை முடி இருந்தால் ஹெல்மெட் அமுக்கி, கழற்றியதும் கோழிக்கொண்டைபோல் எழும்பி நிற்கும்.

முன்பக்கத்தில் மிகக் குட்டையான இழைகூட காய்ந்த நிலையில் தாடைக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும். இழுத்தால் அது பிடரி ரப்பர் பேண்டுக்குள் போய்ச்சேர வேண்டும். முன்பக்கத்தை முடிப்பதற்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் பிடரியில் அள்ளிக் கட்டிப் பாருங்கள். ஏதாவது நழுவி விழுந்தால் அதற்கு மேல் குட்டையாக்க வேண்டாம். வண்டி ஓட்டும்போது கண்ணில் விழும் முடி எனக்கு ஆகாது.

பிரின்ஜஸ் வேண்டவே வேண்டாம். நெற்றியின் இடப்பக்கம் முடி தொடங்கும் இடத்தில் ஒரு சுழி இருக்கிறது, குட்டையாக வெட்டினால் அது மேல்நோக்கித் தூக்கும். வகிடும் அந்தச் சுழியிலேயே இடப்பக்கமாகத்தான் விழுகிறது. நடு வகிடு எடுத்து இரண்டு பக்கத்தையும் அளந்து வெட்டினால், வீட்டில் வகிடு தன் இடத்துக்குப் போனதும் நடுவிலிருக்கும் முடி வலப்பக்கம் தாண்டிவந்து அந்தப் பக்கம் குட்டையாகத் தெரியும். அதனால் முதலிலேயே இட வகிட்டில் வைத்து வெட்டுங்கள். நெற்றியோரம் இப்போதுதான் முளைக்கும் சின்ன முடிகளைத் தொட வேண்டாம், அவை வளரட்டும்.

அடர்த்தியைப் பார்த்ததும் தின்னிங் கத்தரி எடுக்கத் தோன்றும். தயவுசெய்து அது வேண்டாம், ரேசரும் வேண்டாம். தின்னிங் கத்தரி உள்ளே விட்டுவைக்கும் குட்டை இழைகள் நீள இழைகளை வெளியே தள்ளி, இரண்டு மாதத்தில் முடி முழுக்கப் பரட்டையாகிவிடும். ரேசர் நுனியைச் சாய்வாகச் சீவுவதால் மெலிசான இழை சீக்கிரம் வெடிக்கும். பிடரியில் கனம் குறைக்கத்தான் வேண்டுமென்றால், சாதாரணக் கத்தரியின் முனையால் ஒவ்வொரு சுருளாக நுனியில் மட்டும் கொத்தி எடுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே எண்ணெய் இல்லாமல் தலைக்குக் குளித்து, கட்டாமல் காயவைத்து வருகிறேன். காய்ந்த முடியிலேயே வெட்டுங்கள். சீப்பால் இறுக்கி இழுக்காமல் சுருளை அது விழும் இடத்திலேயே பிடித்து வெட்டினால் அளவு தப்பாது. எல்லாம் முடிந்ததும் அலசி, டிஃப்யூசர் மாட்டி, குறைந்த சூட்டில் காயவைத்து, எங்காவது தூக்கி நிற்கிறதா என்று பார்த்துத் திருத்தலாம். கடைசியில் ரவுண்ட் பிரஷ் வைத்து நேராக்கிவிட வேண்டாம். நேராக்கினால் தப்பு இருந்தாலும் மறைந்துவிடும், வீட்டுக்குப் போய் அலசும்போதுதான் தெரியும்.

தினமும் செய்ய முடிவது இவ்வளவுதான். புதன், ஞாயிறு இரண்டு நாள் மட்டும் தலைக்குக் குளியல், ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய். கண்டிஷனர் போட்டு, பல் அகலமான சீப்பால் சிக்கெடுத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு ஜெல்லை ஈரத்திலேயே தடவி, பழைய காட்டன் பனியனால் ஒற்றி விட்டுவிடுவேன். மற்ற நாட்களில் காலையில் ஐந்து நிமிடம்தான். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, விரலால் சுருட்டிவிட்டு, பிடரியில் தளர்வாகக் கட்டுவது, அலுவலகம் போனதும் கிளிப்புக்கு மாறுவது. அயர்னிங், மூஸ், செட்டிங் ஸ்ப்ரே எதுவும் நடக்காது. இந்த ஐந்து நிமிடத்தில் அடங்காத வெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் போர்வெல் தண்ணீர். உப்பு படிந்து முடி சொரசொரப்பாக இருக்கும், சுருள் சில நேரம் சோர்ந்து தெரியும். வெட்டுவதற்கு முன் உப்பை எடுக்கும் ஷாம்பூவில் ஒருமுறை அலசிக் காயவைத்தால்தான் சரியாகத் தெரியும் என்று நினைத்தால் சொல்லுங்கள், அரை மணி நேரம் முன்பே வந்துவிடுகிறேன்.

டிரிம் செய்ய நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். எனவே இரண்டு இன்ச் வளர்ந்த பிறகும் வடிவம் கெடாதபடி லேயருக்கு இடையில் அதிக வித்தியாசம் வைக்க வேண்டாம். நேர்முடியைத் தவிர வேறு எதையாவது முடிவு செய்ய முடியாவிட்டால் நீளமாகவே விட்டுவிடுங்கள், இந்த ஒருமுறை மட்டும் இரண்டு வாரம் கழித்து வந்து குறைத்துக்கொள்கிறேன்.

காய்ந்த முடியில் வெட்ட வழக்கத்தைவிட நேரம் அதிகமாகும். அதற்குப் பணம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அக்கா.

நன்றி,
கவிதா