பாக்கெட் வைத்த கவுன்

தலை நுழைந்துவிட்டது. ஒரு கையும் நுழைந்துவிட்டது. இன்னொரு கை மட்டும் தோளுக்கும் துணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. கவுனுக்குள் இருந்தபடியே இனியா கத்தினாள்.

“அம்மா, கொஞ்சம் இழேன்!”

“எந்தப் பக்கம்டி இழுக்கறது?”

“கீழ!”

அம்மா மேல்பக்கமாகத்தான் இழுத்தாள், கழற்றுவதற்காக. இனியா உடம்பை முறுக்கிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தாள். அக்குள் பக்கம் டர்ரென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“போச்சு,” என்றாள் அம்மா.

“ஒண்ணும் போகலை. தையல்தான் விட்டிருக்கு. துணி கிழியலை.”

பார்க்காமலே சொன்னாள். பார்த்தபோது அது சரியாகவும் இருந்தது.

கத்தரிப்பூ நிறத்தில், சின்னச் சின்ன வெள்ளைக் குடைகள் போட்ட பருத்திக் கவுன் அது. இனியாவுக்கு 5 வயதானபோது அம்மா தானே வெட்டித் தைத்தது. வளர்கிற பிள்ளை என்று பக்கத் தையலில் கொஞ்சம் துணி விட்டு, கீழே இரண்டு மடிப்பு வைத்திருந்தாள். 6 வயதில் ஒரு மடிப்பைப் பிரித்தாள், 7 வயதில் அடுத்ததை. மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி வெளியே வந்ததும் பழைய நிறத்தில் பளிச்சென்று நின்றது. அதனால் இப்போது கவுனின் மேல்பாதி வெளுத்தும், அதற்குக் கீழே ஒரு பட்டை கொஞ்சம் அழுத்தமாகவும், கடைசிப் பட்டை புதுத்துணி போலவும் இருந்தன. பட்டைகளுக்கு நடுவே பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. இனியா அந்தத் துளைகளை விரல் நகத்தால் தடவிக்கொண்டே இருப்பாள்.

இப்போது அவளுக்கு 8 வயது. பிரிப்பதற்கு இனி எங்கேயும் துணி இல்லை.

“நிவிக்குக் குடுத்துடலாம்,” என்றாள் அம்மா. “சித்தி அடுத்த வாரம் வர்றா. அவளுக்கு நல்லா இருக்கும்.”

“குடுக்க மாட்டேன்.”

“நீ போட முடியாதே கண்ணு.”

“போடாம வச்சிருப்பேன்.”

அம்மா அப்போது அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் மாலையில் துணி மடிக்கும்போது கவுனைக் காணவில்லை. அலமாரியில் இல்லை, கொடியில் இல்லை. இரவு படுக்கை விரிக்கும்போதுதான் இனியாவின் தலையணை கொழுத்துப்போய் இருப்பதைப் பார்த்தாள். உறைக்குள் கை விட்டால் கவுன். இனியா ஓடி வந்து தலையணை மேல் விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

அப்பா சமாதானத்துக்கு வந்தார். “இதே கலர்ல, இதே குடை போட்டுப் புதுசு ஒண்ணு எடுத்துக்கலாமா?”

“வேணாம்.”

“இதுல பொம்மைக்குச் சட்டை தைச்சுத் தரச் சொல்லட்டுமா?”

“வெட்டக் கூடாது!”

அந்தக் குரலைக் கேட்டு அப்பா ஒரு அடி பின்னால் போனார்.

பெரியவர்கள் இந்த மாதிரி நேரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்கத்தான் பார்க்கிறார்கள். எது போகிறது என்று கேட்பதில்லை. பாட்டிதான் கேட்டாள். மறுநாள் மதியம், அவிழ்ந்த தையலைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, இனியாவையே ஊசியில் நூல் கோக்க வைத்து, பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

“இதுல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்? குடையா?”

இனியா தலையாட்டினாள், இல்லை என்று. கவுனின் வலதுபக்கத் தையலில் கையை விட்டாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது.

“பாக்கெட்டா!”

“என் வேற எந்தக் கவுனுக்கும் பாக்கெட் இல்லை, பாட்டி. அண்ணன் டவுசருக்கு நாலு இருக்கு. கடைக் கவுன்ல சும்மா பாக்கெட் மாதிரி தைச்சிருப்பாங்க, கை போகாது.”

பாட்டி பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். உள்துணி கவுனின் துணி இல்லை. அம்மாவின் பழைய நைட்டி. பல வருஷம் துவைத்துத் துவைத்து, இழை தேய்ந்து, தொட்டால் தோல் போலவே இருந்தது. அதன் மூலையில் ஒரு பென்சில் துண்டும், ஒரு புளியங்கொட்டையும், பஞ்சு மாதிரி சேர்ந்துபோன தூசியும் இருந்தன.

“ஊசி போடப் போனப்ப இதுக்குள்ளதான் கை வச்சிருந்தேன்,” என்றாள் இனியா. “முதல் நாள் ஸ்கூல் முடிஞ்சு அம்மா வர லேட்டாச்சுல்ல, அப்பவும்.”

பாட்டி ஒன்றும் சொல்லாமல் பாக்கெட்டை உள்ளே தள்ளினாள். பென்சில் துண்டையும் கொட்டையையும் எடுக்கவில்லை.

அன்று இரவு தையல் மெஷின் சத்தம் வெகுநேரம் கேட்டது. காலையில் இனியாவின் புதுக் கவுனின் பக்கத் தையலில் ஒரு பாக்கெட் இருந்தது. அதே நைட்டியின் மிச்சத் துணி. ஆழமாக, அவள் கை வளர்ந்தாலும் கொள்கிற மாதிரி. இனியா கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே விரல்களை அசைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அப்ப அதை நிவிக்குக் குடுத்துடலாமா?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“அது என்னோடது.”

அம்மா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. “சரி,” என்றாள். உண்மையாகவே அதோடு விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் சித்தி வந்தாள். நிவிக்கு 4 வயது. வந்த கொஞ்ச நேரத்திலேயே ஜூஸை மேலே கொட்டிக்கொண்டாள். மாற்றுத் துணியைச் சித்தி கொண்டுவரவில்லை. அம்மா இனியாவைப் பார்க்கவே இல்லை. அலமாரியில் வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தாள். எல்லாமே பெரிது.

இனியா கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். அப்புறம் உள்ளே போய், தலையணை உறையிலிருந்து கவுனை உருவிக்கொண்டு வந்தாள்.

“இன்னைக்கு மட்டும்.”

கவுன் நிவியின் கணுக்கால் வரை தொங்கியது. அம்மா மண்டி போட்டு, கீழ்விளிம்பை உள்ளே மடித்தாள். துணி தானாகப் பழைய ஊசித் துளைகள் வழியே மடிந்து கொடுத்தது. ஒரு மடிப்பு. அதற்கு மேல் இன்னொன்று. சேஃப்டி பின் குத்தியதும் அளவாக நின்றது. நிவி சும்மா சுற்றிச் சுற்றி வந்தாள். அப்படியே அவள் கை தற்செயலாகப் பாக்கெட்டுக்குள் போனது. நின்றுவிட்டாள். பிறகு சாயங்காலம் வரை அந்தக் கையை அவள் வெளியே எடுக்கவில்லை. சாப்பிடும்போதுகூட இடது கையால்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரம். இனியா கையை நீட்டினாள். “கழட்டு.”

“மாட்டேன்க்கா.”

“அது என்னோடது, நிவி.”

“மாட்டேன்.” நிவியின் உதடு பிதுங்கியது. கை பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

சித்தி அவளைத் தூக்கக் குனிந்தாள். “இரு சித்தி,” என்றாள் இனியா.

அவளுக்கு நிவியைத் திட்டத் தோன்றவில்லை. அந்தக் கை எங்கே இருக்கிறது, அங்கே எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

உள்ளே போய் ரஃப் நோட்டும் பென்சிலும் எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து எழுதினாள்: ‘நிவி என் கவுனைக் கடன் வாங்கியிருக்கிறாள். வெட்டக் கூடாது. பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது. அவளுக்குச் சின்னதானதும் திருப்பித் தர வேண்டும்.’

நிவிக்கு எழுதத் தெரியாது. ஒரு வட்டம் போட்டாள். சித்தி கையெழுத்துப் போட்டாள்.

“இவளுக்குச் சின்னதாக இன்னும் 3 வருஷம் ஆகுமேடி,” என்றாள் சித்தி.

“தெரியும். அடுத்த வருஷம் ஒரு மடிப்பைப் பிரிங்க, அதுக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணு. அப்புறம் எனக்குத் தந்துடணும்.” நோட்டை மூடிவிட்டு நிவியிடம் திரும்பினாள். “உள்ள ஒரு பென்சில் இருக்கும். அதை நீயே வச்சுக்கோ. புளியங்கொட்டையை மட்டும் இப்பவே குடு.”