பவர் பேங்க், கேபிள், மெமரி கார்டு: இந்த வாரப் பதிவுகள் மூன்று

பதிவு 1: பவர் பேங்க்

முதலில் பணக் கணக்கு. இந்தப் பதிவின் கடைசியில் இருப்பது கமிஷன் இணைப்பு. அதன் வழியாக நீங்கள் வாங்கினால் விற்பவர் எனக்கு ஒரு பங்கு தருவார். உங்களுக்கு விலை கூடாது. இணைப்பைத் தொட்டுவிட்டு அதே கடையில் வேறு ஏதாவது வாங்கினாலும் எனக்குப் பங்கு வரலாம். வாங்கியது யார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. இந்தப் பவர் பேங்கை என் காசில்தான் வாங்கினேன்.

இனி பொருளுக்கு வருவோம். 10,000 எம்ஏஎச், 30 வாட். "5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக ஏற்றலாம்தானே?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறீர்கள். முடியாது. அட்டையில் போட்டிருக்கும் 10,000 உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, அதாவது 3.7 வோல்ட்டில். பெருக்கினால் 37 வாட்-மணி. வெளியே வரும்போது வோல்ட்டேஜை ஏற்றித் தர வேண்டியிருப்பதால் கொஞ்சம் சூடாகப் போய்விடும். என் மீட்டரில் வெளியே வந்தது 31.8 வாட்-மணி. போனை 5 சதவீதத்திலிருந்து ஒருமுறை முழுதாக ஏற்றினேன். இரண்டாம் முறை 54 சதவீதத்தில் மூச்சை விட்டது. ஒன்றரை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நல்ல 10,000 வாங்கினாலும் ஏறக்குறைய இதுதான் கிடைக்கும்.

குறை: பளபளப்பான மேல்பக்கம். பையில் சாவியோடு இரண்டே நாள் கிடந்தது, கீறல் விழுந்துவிட்டது. 30 வாட் வெளியே தரும்போது கை பொறுக்கும் சூடுதான் என்றாலும் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

வீட்டிலும் வேலையிடத்திலும் பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இது வேண்டாம். லேப்டாப்பை ஏற்ற நினைப்பவர்களும் விட்டுவிடுங்கள், 37 வாட்-மணி அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதே கடையில் 20,000 எம்ஏஎச் மாடலுக்குக் கமிஷன் அதிகம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தேன், செங்கல் மாதிரி இருக்கிறது.

[கமிஷன் உண்டு] 10,000 எம்ஏஎச், 30 வாட், கறுப்பு நிறம்

பதிவு 2: யூஎஸ்பி-சி கேபிள்

இதுவும் கமிஷன் இணைப்புதான், கேபிள் என் காசு.

100 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளின் முனையில் 5 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். நான் போட்டிருக்கும் கேபிளில் அது இருக்கிறது, மீட்டரில் பார்த்துவிட்டேன். டேட்டா வேகம்தான் பழைய 480 எம்பிபிஎஸ். 20 ஜிபி வீடியோவை மாற்ற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. வெளி எஸ்எஸ்டிக்கு இதைப் போடாதீர்கள்.

போனுக்கு மட்டும்தான் என்றால் பெட்டியோடு வந்த கேபிள் போதும், பிய்ந்து போகும்வரை.

[கமிஷன் உண்டு] யூஎஸ்பி-சி கேபிள், 100 வாட், 2 மீட்டர்

பதிவு 3: மெமரி கார்டு இணைப்பை எடுத்துவிட்டேன்

போன மாதம் 128 ஜிபி கார்டு ஒன்றுக்கு இணைப்பு போட்டிருந்தேன். வாங்கிய ஒருவர் நேற்று சோதனை முடிவை அனுப்பினார். உண்மையில் கொள்வது 14 ஜிபிதானாம். போய்ப் பார்த்தால் பொருளின் பக்கம் அதேதான், விற்பவர் மட்டும் மாறியிருக்கிறார். நான் வாங்கிய கார்டு நல்ல கார்டு, அதை நம்பி நீங்கள் வாங்கியது வேறொருவரிடம். இணைப்பைப் போட்டவன் வாரம் ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, தப்பு என்னுடையது.

அந்த இணைப்பில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். முதலில் கார்டில் இருக்கும் படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிடுங்கள். விண்டோஸில் H2testw என்ற மென்பொருள் போதும். லினக்ஸில் f3 என்ற மென்பொருளை நிறுவி, கார்டைக் காலி செய்துவிட்டு இதை ஓட்டுங்கள் (பாதையை உங்கள் கார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்):

```
f3write /media/card
f3read /media/card
```

முழுக் கார்டையும் எழுதித் திரும்பப் படிக்கும், நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். விண்டோஸ் 119 ஜிபி என்று காட்டினால் பதறாதீர்கள். அது எண்ணும் முறை வேறு, கார்டு சரிதான். படிக்கும்போது பிழை வந்தால்தான் போலி, இல்லையென்றால் பழுது. எதுவானாலும் உடனே திருப்பி அனுப்புங்கள். நீங்கள் திருப்பினால் எனக்கு வந்த கமிஷனும் திரும்பிப் போகும். போகட்டும், தயங்காதீர்கள்.

[கமிஷன் இல்லை] மாற்றுக் கார்டு இன்னும் சோதனையில் இருக்கிறது. இணைப்பு இப்போதைக்குக் கிடையாது.